ஏபிஜி ஸ்லிப்பை படிக்கறது எப்படி: லங்ஸ் பிரச்சனையா, மெட்டபாலிக்கா, காம்பன்சேஷன் போதுமா?

நைட் டூட்டில ஏபிஜி ஸ்லிப்ப பாத்துட்டு "மெட்டபாலிக் அசிடோசிஸ், லங்ஸ் காம்பன்சேட் பண்ணுது"ன்னு கேஸ் ஷீட்ல எழுதறது ரொம்ப ஈஸி. பைகார்ப் கம்மியா இருக்கு, pCO2-வும் 40-க்கு கீழ இருக்கு, அவ்ளோதான், யாரும் மேல கேக்க மாட்டாங்க. ஆனா கேட்டே ஆகவேண்டிய கேள்வி அதுக்கப்புறம்தான் வருது: 40-க்கு கீழன்னா எவ்ளோ கீழ? இந்த பைகார்ப்புக்கு pCO2 எவ்ளோ இறங்கி இருக்கணும், நிஜமா எவ்ளோ இறங்கி இருக்கு? அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துலதான் பேஷண்ட் தாக்குப்பிடிக்கறாரா, இல்ல களைச்சு போயிட்டு இருக்காரான்னு தெரியும்.

ஹவுஸ் சர்ஜன்ஸ், ஐசியு ஸ்டாஃப் நர்ஸ், புதுசா பிஜி சேந்தவங்க, இவங்கள மனசுல வச்சு எழுதறேன். ஆக்சிஜன் பக்கம் (pO2, சாச்சுரேஷன்) இதுல தொடல, அது தனி கதை. ஆசிட்-பேஸ் மட்டும்.

ஸ்லிப்ல இருக்கற மூணு நம்பர்

நார்மல் எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் ஒருதடவ எழுதிடறேன்.

```
pH    7.35 - 7.45
pCO2  35 - 45 mmHg
HCO3  22 - 26 mmol/L
```

pCO2 லங்ஸ் கையில இருக்கு. மூச்சு அதிகமா விட்டா இறங்கும், மூச்சு பத்தலைன்னா ஏறும், நிமிஷக் கணக்குல மாறும். HCO3, அதாவது பைகார்ப், மெட்டபாலிக் பக்கம், கிட்னிதான் அத நிர்வாகம் பண்ணுது, அதுவும் கவர்மெண்ட் ஆபீஸ்ல ஃபைல் நகர்ற வேகத்துல, முழுசா மாத்தி முடிக்க மூணுலேந்து அஞ்சு நாள் ஆகும். இந்த வேக வித்தியாசம் பின்னாடி ரொம்ப உதவும், ஞாபகம் வச்சுக்கோங்க.

பல பேர் கவனிக்காத ஒரு விஷயம், மெஷின் நிஜமா அளக்கறது pH-ம் pCO2-வும் மட்டும்தான். HCO3 அந்த ரெண்டுலேந்து கணக்கு போட்டு போடற நம்பர். அதனால மெஷின் பிரிண்ட் பண்ணின ஸ்லிப்ல மூணும் எப்பவும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும், அளந்ததே தப்பா இருந்தாலும் பொருந்தும்! பொருந்தாம போறது எப்பன்னா, யாராவது ஃபோன்ல சொல்லி யாராவது எழுதிக்கும்போது, இல்ல ரெஜிஸ்டர்லேந்து கேஸ் ஷீட்டுக்கு காப்பி பண்ணும்போது. அத கண்டுபிடிக்க ஒரு சின்ன கணக்கு இருக்கு.

```
H+ = 24 x pCO2 / HCO3

pH 7.40 -> H+ 40
pH 7.30 -> H+ 50
pH 7.20 -> H+ 63
pH 7.10 -> H+ 79
pH 7.00 -> H+ 100
```

7.30-லேந்து 7.50 வரைக்கும் டேபிள்கூட வேணாம், 80-லேந்து pH-ஓட கடைசி ரெண்டு நம்பர கழிச்சா கிட்டத்தட்ட H+ வந்துடும். 7.35-ன்னா 80-ல 35 போக 45. உதாரணத்துக்கு ஃபோன்ல "pH 7.25, pCO2 40, HCO3 24"ன்னு சொல்றாங்கன்னு வைங்க. 24-ஐ 40-ஆல பெருக்கி 24-ஆல வகுத்தா 40, அதாவது pH 7.40 இருக்கணும். 7.25-ன்னு வந்திருக்கு. ஏதோ ஒரு நம்பர் காதுல தப்பா விழுந்திருக்கு, திரும்ப கேளுங்க. இதுக்கு மேல யோசிச்சு டயக்னோசிஸ் பண்றது வேஸ்ட்.

சாம்பிள் மேல ஒரு சந்தேகம் எப்பவும் இருக்கணும்

மூணு நம்பர் பொருந்தறதால மட்டும் சாம்பிள் நல்லதுன்னு ஆகாது. நம்ம ஊர்ல இன்னும் நிறைய இடத்துல ரெடிமேட் ஏபிஜி சிரிஞ்ச் கிடையாது, சாதா 2 எம்எல் சிரிஞ்ச்ல ஹெப்பாரின் இழுத்து, வெளிய தள்ளிட்டு, அதுலயே ரத்தம் எடுப்போம். சரியா தள்ளாம கொஞ்சம் ஹெப்பாரின் உள்ளயே நின்னுட்டா ரத்தம் நீர்த்துப் போகும், ஹெப்பாரின்ல கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட கிடையாதுங்கறதால pCO2 இறங்கும், கூடவே கணக்கு போட்ட HCO3-யும் இறங்கும், ஆனா pH பெருசா மாறாது. ரெண்டும் கம்மி, pH ஓகே. பாத்தா அச்சு அசலா "நல்லா காம்பன்சேட் ஆன மெட்டபாலிக் அசிடோசிஸ்" மாதிரியே இருக்கும்! பேஷண்ட் சாதாரணமா மூச்சு விட்டுட்டு ஜோக் அடிச்சிட்டு இருப்பார். அதே ஸ்லிப்ல ஹீமோகுளோபின், பொட்டாசியம், அயனைஸ்டு கால்சியம் எல்லாம் எதிர்பாத்தத விட கம்மியா இருந்தா ஹெப்பாரின் மேல சந்தேகப்படலாம். லேப்ல தனியா அளந்த சீரம் பைகார்பனேட் இருந்தா அதையும் பக்கத்துல வச்சு பாருங்க, ரெண்டும் ரொம்ப தள்ளி இருந்தா சாம்பிள திரும்ப எடுக்கறதுதான் நல்லது.

சாம்பிள் எடுத்துட்டு அட்டெண்டர் வர்ற வரைக்கும் டேபிள்ல வச்சிருந்தா ரத்த செல்லுங்க உள்ள வேலை செஞ்சுட்டே இருக்கும், pCO2 ஏறும், pH இறங்கும், லாக்டேட் ஏறும். அரை மணி நேரத்துக்குள்ள மெஷின்ல போட்டுடணும்.

ஸ்டெப் 1: pH எந்த பக்கம்

7.35-க்கு கீழன்னா அசிடீமியா, 7.45-க்கு மேலன்னா ஆல்கலீமியா. நடுவுல இருந்தா உடனே நார்மல்னு எழுதிடாதீங்க, pCO2-வும் HCO3-யும் ரெண்டும் நார்மலா இருந்தாதான் அந்த பேச்சு, இல்லன்னா 7.40-ஐ நடுக்கோடா வச்சு எந்த பக்கம் சாயுதுன்னு பாருங்க.

ஸ்டெப் 2: pH-ஓட ஒத்துப்போறது யாரு

pH இறங்கி இருக்கு. pCO2 ஏறி இருந்தா அது ஆசிட் பக்கம் தள்ளும், அப்ப ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ். HCO3 இறங்கி இருந்தா அதுவும் ஆசிட் பக்கம் தள்ளும், அப்ப மெட்டபாலிக் அசிடோசிஸ். pH ஏறி இருந்தா இதையே தலைகீழா பாக்கணும், pCO2 இறங்கினா ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ், HCO3 ஏறினா மெட்டபாலிக் ஆல்கலோசிஸ். pH போற திசைல தள்றது எதுவோ அதுதான் முதல் வியாதி, எதிர் திசைல இழுத்து பிடிக்கறது காம்பன்சேஷன். ரெண்டுமே ஒரே திசைல தள்ளினா, அதாவது pCO2 55, HCO3 15, அங்க காம்பன்சேஷன்னே ஒண்ணு இல்ல, ரெண்டு வியாதி சேந்து அடிக்குது.

பைகார்ப மட்டும் தனியா பாத்து முடிவு பண்ணினா என்ன ஆகும்ங்கறதுக்கு வரலாற்றுலயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. 1952-ல டென்மார்க்ல கோபன்ஹேகன்ல போலியோ பயங்கரமா பரவிச்சு, பிளேக்டாம் ஆஸ்பத்திரில மூச்சு விட முடியாத பேஷண்ட்ஸ் வரிசையா வந்தாங்க, அதுல பெரும்பாலானவங்க இறந்து போனாங்க. அவங்க ரத்தத்துல மொத்த கார்பன் டை ஆக்சைடு அளவு, நம்ம பாஷைல பைகார்ப் பக்கம், ரொம்ப ஏறி இருந்தது. அப்ப தினசரி லேப்ல அளக்க முடிஞ்சது அத மட்டும்தான், அதனால ஏதோ காரணம் தெரியாத ஆல்கலோசிஸ்னு நெனச்சுட்டு இருந்தாங்க. பியோர்ன் இப்சன்னு ஒரு அனஸ்தீசியா டாக்டர் வந்து, இது ஆல்கலோசிஸ் இல்ல, மூச்சு பத்தாம கார்பன் டை ஆக்சைடு உள்ளயே தங்குதுன்னு சொன்னார். சொன்னதோட விடல, ஒரு சின்ன பொண்ணுக்கு டிராக்கியாஸ்டமி போட்டு கையால பேக் அழுத்தி மூச்சு கொடுத்து காட்டினார். அப்புறம் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் ஷிஃப்ட் போட்டு உக்காந்து பேக் அழுத்த ஆரம்பிச்சாங்க, சாவு எண்ணிக்கை நல்லா குறைஞ்சது. அதே ஆஸ்பத்திரியோட லேப்ல இருந்த பால் ஆஸ்ட்ரப் pH-ஐ வச்சு pCO2 கண்டுபிடிக்கற வழிய உண்டாக்கினதும் இந்த அனுபவத்துலேந்துதான். HCO3 ஏறினது வியாதியா, இல்ல ஏறின pCO2-வுக்கு பதிலா வந்ததான்னு pH இல்லாம யாராலயும் சொல்ல முடியாது. இன்னிக்கும் வார்டுல எலக்ட்ரோலைட் ரிப்போர்ட்ல பைகார்ப் 34-ஐ மட்டும் பாத்துட்டு மெட்டபாலிக் ஆல்கலோசிஸ்னு எழுதறவங்க இருக்காங்க.

ஸ்டெப் 3: மெட்டபாலிக்னா pCO2 எங்க இருக்கணும்

மெட்டபாலிக் அசிடோசிஸ்ல லங்ஸ் எவ்ளோ இறக்கணும்னு சொல்றது வின்டர்ஸ் ஃபார்முலா.

```
pCO2 = (1.5 x HCO3) + 8   (+/- 2)
```

ஒரு கேஸ வச்சு பாப்போம், நம்பர் எல்லாம் விளக்கறதுக்காக நான் போட்டது. 24 வயசு பையன், டைப் 1 சுகர், காய்ச்சல் வந்து சாப்பிடலைன்னு இன்சுலினையும் நிறுத்திட்டான், கீட்டோன் ஏறி வந்திருக்கான். ரெஸ்பிரேட்டரி ரேட் 36, ஆழமா இழுத்து இழுத்து விடறான்.

```
pH 7.20   pCO2 21   HCO3 8
```

pH ஆசிட், HCO3 ஆசிட் பக்கம், அதனால மெட்டபாலிக் அசிடோசிஸ். வின்டர்ஸ் போட்டா 1.5-ஐ 8-ஆல பெருக்கி 12, கூட 8 சேத்தா 20. 18-லேந்து 22-க்குள்ள இருக்கணும், 21 இருக்கு. லங்ஸ் தன் வேலைய முழுசா செய்யுது, ரெண்டாவது வியாதி இல்ல. சலைன், இன்சுலின் டிரிப் எல்லாம் ஆரம்பிச்சாச்சு.

மூணு மணி நேரம் கழிச்சு ரேட் 20-க்கு வந்துடுச்சு, பையன் அமைதியா படுத்திருக்கான், கூட இருக்கற அம்மாவும் "இப்பதான் தம்பி கொஞ்சம் தூங்கறான் சார்"ன்னு நிம்மதியா சொல்றாங்க. ரெண்டாவது ஸ்லிப்:

```
pH 7.08   pCO2 28   HCO3 8
```

இத தனியா கொடுத்து கேட்டா பாதி பேர் "மெட்டபாலிக் அசிடோசிஸ் வித் காம்பன்சேஷன்"னுதான் சொல்வாங்க, ஏன்னா 28-ங்கறது நார்மல விட கம்மிதானே. ஆனா HCO3 அதே 8, அப்ப எதிர்பாக்கற pCO2-வும் அதே 20. 28-ங்கறது இவனுக்கு ஜாஸ்தி! இது மெட்டபாலிக் அசிடோசிஸோட ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸும் சேந்தது, நம்பர் நார்மலுக்கு கீழ இருந்தாலும் அதுக்கு அந்த பேர்தான். மெட்டபாலிக் பக்கம் ஒரு துளி கூட மோசமாகல, pH 7.20-லேந்து 7.08-க்கு விழுந்தது முழுக்க மூச்சு குறைஞ்சதாலதான். அந்த அமைதி தூக்கம் இல்ல, களைப்பு.

ஏன் களைச்சான்னு தேடணும். இந்த இடத்துல முதல்ல பாக்க வேண்டியது பொட்டாசியம், இன்சுலின் ஓட ஓட அது செல்லுக்குள்ள போயிடும், மூச்சு தசையே பலவீனமாகற அளவுக்கு இறங்கலாம். அதே ஸ்லிப்லயே மெஷின் பொட்டாசியம் இருக்கும், 2.4-ன்னு இருந்தா விடை கையிலேயே இருக்கு, பொட்டாசியம் ஏத்தணும், அது 3.5-க்கு மேல வர்ற வரைக்கும் இன்சுலின நிறுத்தி வைக்கணும். அது சரியா இருந்தா நிமோனியாவா, மயக்கம் ஆழமாகுதா, யாராவது தூங்க ஊசி போட்டாங்களான்னு பாக்கணும். எதுவா இருந்தாலும் இது சீனியர உடனே எழுப்ப வேண்டிய ஸ்லிப்.

இதோட இன்னொரு ஆபத்தும் ஒட்டிட்டு வருது. களைச்சுட்டான்னு டியூப் போட்டு வெண்டிலேட்டர்ல வழக்கமா வைக்கற மாதிரி ரேட் 14-ன்னு வச்சா என்ன ஆகும்? pCO2 40-க்கு வந்து நிக்கும், நார்மல்தானேன்னு தோணும். கணக்கு போடுங்க: 24-ஐ 40-ஆல பெருக்கி 8-ஆல வகுத்தா H+ 120, அதாவது pH 6.92. அரெஸ்ட் ஆகறதுக்கு இது போதும். டியூப் போட்டே ஆகணும்னா அவன் தானா விட்டுட்டு இருந்த அந்த வேகத்த மெஷின் கொடுக்கணும், pCO2 இலக்கு 40 இல்ல, வின்டர்ஸ் சொன்ன 20-க்கு எவ்ளோ கிட்ட போக முடியுமோ அவ்ளோ. டியூப் போடற அந்த கொஞ்ச நேரம் மூச்சு நிக்கறதே ஆபத்துங்கறதால, இப்படிப்பட்ட பேஷண்டுக்கு அனுபவசாலிங்களே கொஞ்சம் தயங்கித்தான் டியூப எடுப்பாங்க.

எதிர் பக்கமும் இருக்கு. HCO3 8-க்கு pCO2 14-ன்னு வந்தா லங்ஸ் தேவைக்கு மேல ஓடுது, கூடவே ரெஸ்பிரேட்டரி ஆல்கலோசிஸ். செப்சிஸா, வலியா, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை ஏதாவது அதிகமா முழுங்கினாங்களான்னு தேடணும்.

இந்த ஃபார்முலாவுக்கு ஒரு நிபந்தனை, அசிடோசிஸ் வந்து கொஞ்ச நேரம் ஆகி இருக்கணும். லங்ஸ் உடனே ஆரம்பிச்சுடும், ஆனா முழு அளவுக்கு போக 12-லேந்து 24 மணி நேரம் ஆகும். ஃபிட்ஸ் வந்து நின்ன அடுத்த நிமிஷம் எடுத்த ஏபிஜில வின்டர்ஸ போட்டு சண்டை போடாதீங்க.

மெட்டபாலிக் ஆல்கலோசிஸ் பத்தி சுருக்கமா முடிச்சுடறேன். நாலு நாளா வாந்தி, HCO3 38-ன்னா:

```
pCO2 = (0.7 x HCO3) + 20   (+/- 5)
```

47 பக்கத்துல வரும். மூச்ச குறைச்சு காம்பன்சேட் பண்ணணும்னா ஆக்சிஜன் குறையும், உடம்பு அத ரொம்ப தூரம் அனுமதிக்காது, அதனால இதுல pCO2 சாதாரணமா 55-ஐ தாண்டாது. தாண்டினா லங்ஸ்லயும் பிரச்சனை இருக்குன்னு எடுத்துக்கலாம். இந்த ஃபார்முலா வின்டர்ஸ் அளவுக்கு துல்லியம் இல்ல, ரொம்ப நம்பி உக்காராதீங்க.

ஸ்டெப் 4: ரெஸ்பிரேட்டரின்னா எவ்ளோ நாளா

ரெஸ்பிரேட்டரி பக்கம் கேள்வி மாறுது. கிட்னி மெதுவா வேலை செய்யறதால HCO3 எவ்ளோ ஏறி இருக்குங்கறதே வியாதி எவ்ளோ பழசுன்னு காட்டி கொடுத்துடும். pCO2 40-லேந்து ஒவ்வொரு 10 நகரும்போதும் HCO3 24-லேந்து எவ்ளோ நகரணும்னா:

```
pCO2 +10  acute    HCO3 +1
pCO2 +10  chronic  HCO3 +4
pCO2 -10  acute    HCO3 -2
pCO2 -10  chronic  HCO3 -5
```

க்ரானிக் நம்பர்ல புத்தகத்துக்கு புத்தகம் கொஞ்சம் மாறும், 4-க்கு பதிலா 3.5-ன்னும், 5-க்கு பதிலா 4-ன்னும் பாப்பீங்க, அதுக்காக குழம்ப வேணாம்.

ரெண்டு பேஷண்ட பக்கத்து பக்கத்து பெட்ல படுக்க வைங்க, ரெண்டு பேருக்கும் pCO2 80.

ஒருத்தர் ராத்திரி தரைல படுத்திருந்தப்ப கட்டு விரியன் கடிச்சு, விடியக்காலைல கண் இமை தொங்கி, மூச்சு தசை செயலிழந்து வந்தவர். நேத்து வரைக்கும் லங்ஸ் பக்கா. அவருக்கு 40 ஏறி இருக்கு, அக்யூட்டா HCO3 4 ஏறணும், 28. ஸ்லிப்ல pH 7.16, HCO3 28. கிட்னிக்கு இன்னும் நேரமே கிடைக்கல. இது சுத்தமான அக்யூட் ரெஸ்பிரேட்டரி அசிடோசிஸ், அவருக்கு மூச்சு கொடுத்தா போதும், பைகார்ப் ஊசி எதுக்கும் வேலை இல்ல.

இன்னொருத்தர் 65 வயசு, பல வருஷமா பீடி, சிஓபிடி. நல்லா இருந்தப்ப எடுத்த பழைய ஸ்லிப் ஃபைல்ல இருக்கு: pH 7.33, pCO2 60, HCO3 31. கணக்குல 20 ஏறினதுக்கு க்ரானிக்கா 8 ஏறி 32 வரணும், 31 இருக்கு, அவரோட "நார்மல்" அதுதான். இப்ப சளி பிடிச்சு மூச்சு திணறி வந்திருக்கார்.

```
pH 7.25   pCO2 80   HCO3 34
```

எல்லாமே இன்னிக்கு வந்ததா இருந்தா HCO3 28, எல்லாமே பழசா இருந்தா 40. 34 நடுவுல இருக்கு. பழைய வியாதி மேல புதுசா ஒண்ணு ஏறி இருக்கு, அக்யூட் ஆன் க்ரானிக். நடுவுல நின்னா வேற அர்த்தமும் இருக்கலாம், உதாரணத்துக்கு 40 இருக்க வேண்டியவருக்கு ஒரு மெட்டபாலிக் அசிடோசிஸ் சேந்து 34-க்கு இழுத்திருக்கலாம், ஸ்லிப் மட்டும் இத பிரிச்சு சொல்லாது. பழைய ஸ்லிப் இருந்ததாலதான் இங்க தைரியமா சொல்ல முடியுது. சிஓபிடி பேஷண்ட டிஸ்சார்ஜ் பண்ணும்போது ஒரு ஏபிஜி எடுத்து ஃபைல்ல வச்சு அனுப்புங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு காரணம் இதுதான்.

இவருக்கு இலக்கு pCO2 40 கிடையாது, அவரோட பழைய 60-ம் 7.35 பக்கத்துல ஒரு pH-ம். 40-க்கு இறக்கினா அந்த HCO3 34-க்கு கிட்னி உடனே பதில் சொல்ல முடியாது, pH 7.55 பக்கத்துல போயிடும். ஆக்சிஜனையும் சாச்சுரேஷன் 88-லேந்து 92 போதும்னு நிறுத்தணும், அதுக்கு மேல கொடுத்தா இவங்களுக்கு கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறலாம்.

pH நார்மலா இருந்தா சந்தேகப்படுங்க

காம்பன்சேஷன் pH-ஐ நார்மல் பக்கம் இழுக்கும், ஆனா 7.40-ஐ தாண்டி எதிர் பக்கம் தள்ளாது. pCO2-வும் HCO3-யும் ரொம்ப தள்ளி இருந்தும் pH நார்மலா வந்தா பெரும்பாலும் ரெண்டு வியாதி ஒண்ண ஒண்ணு மறைக்குது. அதே பீடி தாத்தாவுக்கு கால் வீக்கம்னு ஃப்ரூஸமைட் கொடுத்து, கொஞ்ச நாள்ல ஸ்லிப் pH 7.44, pCO2 60, HCO3 40-ன்னு வந்தா "அப்பாடா, pH நார்மல்"னு சந்தோஷப்பட்டா தப்பு. 60-க்கு க்ரானிக்கா 32 இருக்க வேண்டியது 40 இருக்கு, மாத்திரையால வந்த மெட்டபாலிக் ஆல்கலோசிஸ் மேல உக்காந்திருக்கு. அந்த ஆல்கலோசிஸ் மூச்ச இன்னும் மந்தமாக்கும், குளோரைடும் பொட்டாசியமும் ஏத்தினாதான் சரியாகும்.

ஸ்டெப் 5: மெட்டபாலிக் அசிடோசிஸ்னா ஆனயன் கேப்

```
AG = Na - (Cl + HCO3)     normal 8 - 12
```

நம்ம டிகேஏ பையனுக்கு சோடியம் 132, குளோரைடு 96, HCO3 8, கேப் 28. கீட்டோன், லாக்டேட், கிட்னி ஃபெயிலியர், மெத்தனால் மாதிரி விஷம், இதுல ஏதாவது ஒரு ஆசிட் உள்ள சேந்திருந்தா கேப் ஏறும். பேதில பைகார்ப் போனாலோ, சலைன் அதிகமா ஏறினாலோ குளோரைடு ஏறி கேப் அப்படியே நிக்கும். அல்புமின் கம்மியா இருக்கறவங்களுக்கு கேப் பொய்யா கம்மியா காட்டும், 4-லேந்து 1 குறைஞ்சா 2.5 கூட்டிக்கணும். லிவர் பேஷண்டுக்கு அல்புமின் 2-ன்னா கேப் 11-ன்னு வர்றது நிஜத்துல 16.

இந்த கேப் கணக்கு டிகேஏல ரொம்ப உபயோகப்படற இடம் ஆரம்பத்துல இல்ல, ரெண்டாவது நாள்ல. பையனுக்கு பொட்டாசியம் ஏத்தி, மூச்சு தேறி, சலைன் லிட்டர் கணக்குல போயாச்சு, சுகர் 180. ஸ்லிப்:

```
pH 7.32   pCO2 32   HCO3 16   Na 138   Cl 114
```

HCO3 இன்னும் 16, இன்னும் மெட்டபாலிக் அசிடோசிஸ், டிகேஏ சரியாகலைன்னு இன்சுலின் டிரிப்ப ஏத்தறதும் இன்னொரு லிட்டர் சலைன் போடறதும் நான் அடிக்கடி பாக்கற காட்சி. வின்டர்ஸ் போட்டா 24 கூட 8, 32, லங்ஸ் சரியா இருக்கு. கேப் போட்டா 138-லேந்து 130 போக 8. கீட்டோன் ஆசிட் போயிடுச்சு, மிச்சம் இருக்கற அசிடோசிஸ் நாம ஏத்தின சலைன்ல இருந்த குளோரைடு. அதுக்கு இன்னும் சலைன் ஏத்தினா குளோரைடு இன்னும் ஏறும். பையன் சாப்பிட ஆரம்பிச்சா தோலுக்கடியில போடற இன்சுலின போட்டு, ஒண்ணு ரெண்டு மணி நேரம் கழிச்சு டிரிப்ப நிறுத்தலாம், பைகார்ப கிட்னி ரெண்டு மூணு நாள்ல தானா ஏத்திக்கும்.